‘எல்லாத்தையும் பண்ணுங்க டாக்டர்’: அந்த வார்த்தைக்கு முன்னால் குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டியவை

தென்காசிப் பக்கம் எந்த ஆஸ்பத்திரியின் ஐசியு வாசலிலும் கேட்கக்கூடிய வாக்கியம் இது: “செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க டாக்டர், எல்லாத்தையும் பண்ணுங்க.” சொல்பவர் பெரும்பாலும் மூத்த மகன். அதுவும் நேரில் இல்லை. துபாயிலிருந்தோ ரியாத்திலிருந்தோ வாட்ஸ்அப் வீடியோ காலில். சில நாட்கள் கழித்து, பணமும் நம்பிக்கையும் தீர்ந்த பிறகு, அதே குடும்பம் ‘மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துச் செல்கிறோம்’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கிளம்பும். கையில் வலி மாத்திரை இருக்காது. ராத்திரி மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது என்ற நம்பரும் இருக்காது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்கவில்லை. அதைத்தான் நோய் ஆதரவு சிகிச்சையில், அதாவது பாலியேட்டிவ் கேரில், ‘குடும்பக் கூட்டம்’ என்கிறார்கள். நோயாளி, குடும்பம், டாக்டர், நர்ஸ் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, இனி சிகிச்சை எதை நோக்கிப் போக வேண்டும் என்று பேசி முடிவெடுக்கும் அரை மணி, முக்கால் மணி நேரம். அந்தக் கூட்டத்தில் என்ன பேசுவது, என்ன கேட்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சட்டென்று புரிய, ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்காக நாம் உருவாக்கிக்கொண்ட குடும்பம்தான். ஆனால் கடையநல்லூரில் இந்த அமைப்பு யாருக்கும் புதிதாக இருக்காது. அத்தாவுக்கு 67 வயது, ஜவுளிக்கடை வைத்திருந்தவர். இரைப்பைப் புற்றுநோய், கல்லீரலுக்குப் பரவிவிட்டது. திருநெல்வேலியில் இரண்டு வகை கீமோ முடிந்தும் கட்டி வளர்ந்திருக்கிறது. வயிற்றில் நீர் கோத்து, வாந்தியும் வலியுமாக இப்போது ஆஸ்பத்திரியில். மூத்த மகன் துபாயில். மகள் சென்னையில் ஐடி வேலை. இளையவன் ஊரில் கடையைப் பார்க்கிறான். அம்மா பக்கத்திலேயே இருக்கிறார். மூன்றாவது வகை கீமோ ஒன்று இருக்கிறது என்று மூத்தவர் இணையத்தில் படித்திருக்கிறார்.

கூட்டத்துக்கு முன்பே முடிக்க வேண்டியது

முதல் கேள்வி, யார் வர வேண்டும் என்பது. வழக்கமாக ஆண் பிள்ளைகளும் ஒரு மாமாவும் டாக்டர் அறைக்குள் போவார்கள். இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா வெளியே பெஞ்சில் இருப்பார். இது தப்பான ஏற்பாடு. அத்தா எத்தனை தடவை எழுந்தார், எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது, சாப்பாட்டை யாருக்காகச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் உள்ளே இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், போனில் என்றாலும். பின்னால் தகவல் மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், அங்கே எடுத்த முடிவை இங்கே அவர் கலைப்பார். இதற்கு மருத்துவ உலகில் ஒரு பெயரே உண்டு. 1991-ல் ஒரு முதியோர் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, தொலைவிலிருந்து கடைசி நேரத்தில் வந்து எல்லாச் சிகிச்சையையும் கேட்கும் உறவினரை ‘கலிஃபோர்னியா மகள்’ என்று அழைத்தது. (கலிஃபோர்னியாக்காரர்கள் அதை வேறு ஊர் பேரில் சொல்வார்களாம்.) நம் பக்கத்துக்கு அது ‘துபாய் மகன்’. அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. மற்றவர்கள் ஆறு மாதமாக அப்பா மெலிவதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவர் வீடியோ காலில் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். போன தடவை லீவில் வந்தபோது நடந்துகொண்டிருந்த அத்தாதான் அவர் மனதில் இருக்கிறார். ஆகவே கூட்டத்துக்கு முந்தைய நாள் இளையவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கேமராவை முகத்தில் வைக்காமல், அத்தா கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும்போது அண்ணனுக்குக் காட்டுவது. அதையும் அத்தாவிடம் கேட்டுவிட்டு. பத்து ஸ்கேன் ரிப்போர்ட் சொல்லாததை அது சொல்லும்.

டாக்டர்களுக்கும் இதேபோல் ஒரு வேலை. புற்றுநோய் டாக்டர் ஒன்றும், வார்டு டாக்டர் வேறொன்றும் சொன்னால் கூட்டம் அங்கேயே உடைந்துவிடும். அவர்கள் முதலில் தங்களுக்குள் பத்து நிமிடம் பேசி ஒரே கருத்துக்கு வந்தாக வேண்டும். “கீமோ டாக்டர்கிட்டயும் பேசிட்டீங்களா?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

‘அத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’

நம் ஊர் குடும்பக் கூட்டங்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். சொன்னால் மனசு உடைந்துவிடும், சாப்பாடே எடுக்க மாட்டார் என்ற பயம். அந்தப் பயம் பாசத்திலிருந்து வருவது. அதை டாக்டர் ஒரு சட்ட விஷயம்போல் அடித்துப் பேசினால் குடும்பம் இறுகிவிடும்.

அனுபவமுள்ள பாலியேட்டிவ் டாக்டர்கள் வேறு மாதிரிப் போவார்கள். “சொன்னா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?” என்று முதலில் கேட்பார்கள். பிறகு, “நானா எதையும் போய்ச் சொல்லப்போறதில்ல. அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறார்னு அவர்கிட்டயே கேக்கலாமா?” என்று அனுமதி கேட்பார்கள். வித்தியாசத்தைப் பாருங்கள். இங்கே செய்தியைக் கொண்டுபோய் இறக்குவதில்லை. நோயாளி எங்கே நிற்கிறார் என்று விசாரிக்கிறார்கள்.

கேட்டால் பல பேர் ஏற்கெனவே யூகித்திருப்பார்கள். உடம்பு அவர்களுடையது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டவரும் அவர்தான். பிள்ளைகள் மனசு கஷ்டப்படும் என்று அவர் மறைப்பார். அவர் மனசு கஷ்டப்படும் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். ஒரே அறையில் இரண்டு பக்கமும் நாடகம்.

நம் உதாரணத்தில் அத்தா சொல்வது இது: “எனக்குத் தெரியும். ஊசி போட திருநெல்வேலிக்கு இனி என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்க. இந்த வயித்து வலி நிக்கணும். பெரியவனை ஒரு தடவை பாக்கணும். ரெண்டு பேருக்குக் கடை பாக்கி குடுக்கணும், அதைக் கணக்கு முடிக்கணும்.” கடனோடு போகக்கூடாது என்பது அவருக்கு மார்க்கக் கடமை. இந்த ஐந்து வாக்கியத்தில் அவருடைய சிகிச்சைத் திட்டம் முழுக்க இருக்கிறது. நாம் கேட்கவில்லை என்றால் அது அவருடனே போயிருக்கும்.

சிலர் வேறு மாதிரியும் சொல்வார்கள்: “எனக்கு எதுவும் வேணாம், எல்லாத்தையும் பெரியவன்கிட்ட பேசிக்கோங்க.” அதுவும் நோயாளி எடுத்த முடிவுதான். அதை மதிக்கலாம். கேட்காமலே அப்படி முடிவு செய்துகொள்வதுதான் கூடாது.

கூட்டம் நடக்கும் விதம்

நல்ல கூட்டத்தில் டாக்டர் முதலில் ரிப்போர்ட்டைத் திறக்க மாட்டார். “இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?” என்று ஒவ்வொருவரையும் கேட்பார். துபாய் அண்ணன் “ஸ்டேஜ் நாலுதான், ஆனா மருந்து இருக்கு” என்பார். அம்மா “ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறாக, அதான் பயமா இருக்கு” என்பார். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு நிலைமை. இங்கே உங்களுக்குப் புரியும் சொற்களில் சொல்லும்படி கேளுங்கள். ‘மெட்டாஸ்டாசிஸ்’, ‘ப்ராக்னோசிஸ்’ என்று போனால் நிறுத்தி, “இந்த நோய் குணமாகுமா, ஆகாதா?” என்றே கேட்கலாம். அடுத்த கேள்வி, கீமோ. புற்றுநோய் டாக்டர்கள் கீமோ கொடுக்கலாமா என்று பார்க்க ஸ்கேனுக்கு அப்பால் ஒரு எளிய அளவு வைத்திருக்கிறார்கள்: நோயாளி விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ இருக்கிறாரா? அப்படியானால் இந்த மாதிரிப் பரவிய கட்டிகளில் இன்னொரு வகை கீமோ பெரும்பாலும் ஆயுளைக் கூட்டாது. இருக்கும் நாட்களைக் கெடுக்கும். நம் அத்தா ஒரு நாளில் முக்கால்வாசி படுத்திருக்கிறார். ‘மருந்து இருக்கு’ என்று அண்ணன் சொன்னது உண்மைதான். அது அவர் உடம்புக்கு இல்லை.

எவ்வளவு நாள் என்ற கேள்வியை எல்லாரும் மனசில் வைத்துக்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள். கேளுங்கள். சரியான தேதியை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஆனால் “மாசக் கணக்கா, வாரக் கணக்கா, நாள் கணக்கா?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். வளைகுடாவில் இருப்பவருக்கு இந்தப் பதில் வெறும் தகவல் இல்லை. அவருக்கு இருப்பது ஒரே ஒரு லீவாக இருக்கலாம். நம் ஊரில் ஜனாஸா சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். இறந்த செய்தி கேட்டு டிக்கெட் போட்டால் மண் போட்ட பிறகுதான் வந்து சேர்வார். டாக்டர் “வாரக் கணக்குதான், அதுவும் கொஞ்சம்” என்று சொன்னால், அந்த லீவை இப்போதே எடுக்கலாம். மௌத்துக்கு வருவதற்குப் பதில், அத்தாவிடம் பேச வரலாம்.

அதன்பின் வருவதுதான் கூட்டத்தின் மையம். “என்ன பண்ணட்டும், வென்டிலேட்டர் வைக்கவா வேண்டாமா?” என்று டாக்டர் குடும்பத்திடம் மெனு கார்டு நீட்டுவது நல்ல வழக்கம் இல்லை. ‘வேண்டாம்’ என்று சொன்ன பிள்ளை, அப்பாவை நான்தான் கொன்றேனோ என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருக்கும். டாக்டர் கேட்க வேண்டியது வேறு: “அவரால இப்போ இங்க உக்காந்து பேச முடிஞ்சா, என்ன சொல்வார்?” அதைக் கேட்டுவிட்டு, “நீங்க சொன்னதை வச்சுப் பாத்தா, நான் இப்படிச் செய்யலாம்னு நினைக்கிறேன்” என்று தன் பரிந்துரையைச் சொல்வது டாக்டரின் வேலை. சுமையை அவர் தூக்க வேண்டும். குடும்பம் அத்தாவின் குரலாக மட்டும் இருந்தால் போதும். டாக்டர் மெனு கார்டு நீட்டினால், நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: “உங்க சிபாரிசு என்ன டாக்டர்?”

குடும்பத்துக்குள் உடன்பாடு வராவிட்டால்? அன்றே சண்டை போட்டுத் தீர்க்க வேண்டியதில்லை. காலவரையறை வைத்து ஒரு சிகிச்சையை முயன்று பார்க்கும் வழி இருக்கிறது. “மூணு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்கலாம். வியாழக்கிழமை காலைல காய்ச்சல் குறையல, முழிப்பு வரலன்னா, நிறுத்திட்டு ஆறுதல் சிகிச்சை மட்டும்.” எதைப் பார்த்து முடிவு செய்வது, எந்த நாளில் என்ற இரண்டையும் முன்பே எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று நாள் முப்பது நாளாகும்.

ஆறுதல் சிகிச்சை என்றால் என்னென்ன?

‘இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்பது ஆறுதல் சிகிச்சை இல்லை; அது கைவிடுவது. நம் அத்தாவின் விஷயத்தில் கீமோ, ஐசியு, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவது ஆகியவை நின்றுபோகின்றன. ஆனால் வயிற்று நீரை ஊசி வைத்து வடிப்பது தொடரும், ஏனென்றால் அது மூச்சை லேசாக்கும். வாந்திக்கு மருந்து தொடரும். வலிக்கு மார்ஃபின் தொடங்கும். ஒவ்வொரு சிகிச்சையையும் ‘இது அவர் சொன்ன நாலு விஷயத்துல எதுக்கு உதவும்?’ என்று கேட்டால் எது இருக்கணும், எது போகணும் என்று தெளிவாகிவிடும்.

மார்ஃபின் என்றதும் கூட்டத்தில் யாராவது ஒருவர், “அது போதை மருந்து, சீக்கிரம் கொன்னுடும்” என்பார். புற்றுநோய் வலிக்கு, சிறிய அளவில் தொடங்கி, வலிக்கு ஏற்ப மெல்லக் கூட்டினால் அது மூச்சை நிறுத்தாது. மூச்சுத் திணறலுக்கே அதைக் கொடுப்பார்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு அடங்கும். அடங்காதது மலச்சிக்கல். அதனால் மார்ஃபின் எழுதும்போதே மலமிளக்கியும் எழுதியிருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். ‘வலிச்சா போட்டுக்கோங்க’ என்று கொடுத்தால் வலி முந்திக்கொள்ளும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவும் மருந்தும் மாறும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது.

உண்மையான சிக்கல் கிடைப்பதில்தான். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தம் மார்ஃபின் பெறும் நடைமுறையை நாடு முழுக்க ஒன்றாக்கி எளிதாக்கியது. இருந்தாலும் மாநில அரசின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் அது இருக்கும். தெரு முனை மெடிக்கலில் கிடைக்காது. ஆகவே கூட்டத்தில் கேட்டே தீர வேண்டிய கேள்வி: “மார்ஃபின் எங்க கிடைக்கும், எத்தனை நாளைக்குத் தருவீங்க, தீரப்போகும்போது யார் போய் வாங்கணும்?” கடையநல்லூரிலிருந்து தென்காசி அரசு தலைமை மருத்துவமனை பக்கம்தான். திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும் என்றால் அது ஒரு நாள் வேலை. மாத்திரை முடிந்த அன்று கிளம்பினால் அன்று இரவு வலியோடுதான்.

அடுத்து சாப்பாடு. அம்மாவின் பயம் இதில்தான் இருந்தது. நம் வீடுகளில் பாசத்தின் மொழியே ‘சாப்பிட்டியா’ என்பதுதான். அதனால் ‘டிரிப்ஸாவது ஏத்துங்க, பட்டினி போட்டு அனுப்ப முடியுமா’ என்ற கேள்வி வரும். இங்கே டாக்டர் மெதுவாக விளக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் உடம்பு உணவை ஏற்கும் சக்தியை இழக்கிறது. சாப்பிடாததால் அவர் சாகவில்லை; உயிர் பிரியும் பாதையில் இருப்பதால் சாப்பாடு இறங்கவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போகும். டிரிப்ஸ் ஏற்றினால் தண்ணீர் கால் வீக்கமாகவும், வயிற்று நீராகவும், நெஞ்சில் சளியாகவும் சேரும். 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கடைசிக் கட்டப் புற்றுநோயாளிகள் 129 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் 1 லிட்டர் சலைனும் மற்றவர்களுக்கு வெறும் 100 மில்லியும் கொடுத்துப் பார்த்தார்கள். களைப்பு, குழப்பம் போன்ற தொந்தரவுகளிலோ ஆயுளிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அப்படியானால் அம்மா என்ன செய்வது? அவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இந்த விளக்கம் கொடூரமாகிவிடும். நனைத்த துணியால் இரண்டு மணிக்கு ஒரு தடவை உதட்டையும் நாக்கையும் துடைப்பது. முழுங்க முடிகிற வரை, தலையை உயர்த்திவைத்து, அவர் ஆசைப்பட்டதை ஒரு ஸ்பூன். ஒரு ஸ்பூன் ஐஸ்கிரீமோ, ஜம்ஜம் தண்ணீரோ. கடைசி நாட்களின் தாகம் பெரும்பாலும் வாய் வறட்சிதான். வாயை ஈரமாக வைத்தால் அது தணியும்.

தென் மாவட்டங்களில் இதைப் பேசும்போது ஒரு சந்தேகம் உள்ளே ஓடும், வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள்: ‘இது தலைக்கூத்தல் மாதிரி ஆயிடாதா?’ இல்லை. முதியவரைக் குளிர்ந்த எண்ணெய்க் குளியலாலும் இளநீராலும் சாகவைக்கும் அந்த வழக்கம் கொலை. அங்கே செய்யப்படும் செயலின் நோக்கம் மரணம். இங்கே மரணத்தைத் தருவது நோய். மருந்தின் நோக்கம் வலியை நிறுத்துவது. முடிவு எடுக்கப்படுவதும் அவருடைய விருப்பத்தைக் கேட்டு, டாக்டர் முன்னிலையில், எழுத்தில்.

ஆறுதல் சிகிச்சை ஆயுளைக் குறைக்கும் என்பதற்கும் பதில் உண்டு. 2010-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஆய்வில், கண்டுபிடித்த உடனே பாலியேட்டிவ் கேரும் சேர்த்துப் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதங்களும், பெறாதவர்கள் 8.9 மாதங்களும் இருந்தார்கள். முந்தியவர்கள் கடைசிக் கட்டத்தில் குறைவான தீவிர சிகிச்சையே பெற்றார்கள். எல்லா நோய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘சேர்ந்தா சீக்கிரம் போயிடுவாங்க’ என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

சட்டம் தடுக்கிறதா?

டாக்டர்கள் தயங்குவதற்குச் சட்டத்தைக் காரணம் சொல்வதுண்டு. சுயநினைவோடு இருக்கும் ஒருவர் தனக்கு இன்ன சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கலாம். அதற்கு எந்தக் குழுவும் தேவையில்லை. நம் அத்தா ‘ஊசிக்கு வரமாட்டேன்’ என்றது அப்படிப்பட்டது. அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நோயாளியால் பேச முடியாத நிலையில், வென்டிலேட்டர் போன்றவற்றை வைக்காமல் விடுவதற்கும், ஏற்கெனவே வைத்ததை நிறுத்துவதற்கும்தான் தனி நடைமுறை. காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அப்போது வகுத்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாத அளவுக்குச் சுற்றி வளைத்ததாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று எளிதாக்கியது. இப்போது மருத்துவமனையில் மூன்று டாக்டர்கள் கொண்ட முதல் குழுவும், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் டாக்டர் ஒருவர் இடம்பெறும் இரண்டாவது குழுவும் பார்க்க வேண்டும்; ஒவ்வொன்றும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள். குடும்பத்தின் சம்மதம் வேண்டும். செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். முன்கூட்டியே விருப்ப ஆவணம் எழுதவும் இப்போது இரண்டு சாட்சியும் ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் அதிகாரியின் சான்றும் போதும். நினைவு தெளிவாக இருக்கும்போதே அத்தா அதில் கையெழுத்திட்டு, தனக்காகப் பேச வேண்டியவர்கள் இவர்கள் என்று பெயர் எழுதிவிட்டால், துபாய் போனுக்கும் தென்காசி ஐசியுவுக்கும் நடுவில் வாக்குவாதம் குறையும்.

விஷ ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். இந்தத் தீர்ப்புகள் அதைத் தொடவில்லை.

ஆகவேதான் அந்த ‘ஆலோசனைக்கு எதிராக’ என்ற தாள் இவ்வளவு அநியாயம். குடும்பம் எடுத்தது டாக்டருக்கு எதிரான முடிவு இல்லை. பல நேரம் டாக்டரும் மனசுக்குள் ஒப்புக்கொண்ட முடிவு. ஆனால் பயத்தில் ஆஸ்பத்திரி அதைக் குடும்பத்தின் தலையில் கட்டி, மருந்துச் சீட்டுகூட இல்லாமல் அனுப்புகிறது. முறையான டிஸ்சார்ஜ் சம்மரி கேளுங்கள். அதில் ‘ஆறுதல் சிகிச்சைக்காக வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்’ என்றும், கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், என்ன முடிவு என்றும் இருக்க வேண்டும். இதை எழுதித் தராத மருத்துவமனைகளை மாவட்ட நிர்வாகம் கேள்வி கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

வீட்டுக்குப் போகும் முன்

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை மட்டும் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை நர்ஸ் வீட்டுக்கு வருவதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்தால்தான் வருவார்கள். ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே 2008-லேயே பாலியேட்டிவ் கேருக்கென்று அரசுக் கொள்கை வந்து, ஊராட்சிகள் தோறும் வீட்டுக்குப் போகும் நர்ஸ்களும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அதே அளவு வசதி கிடைக்காததற்கு மலையைக் காரணம் சொல்ல முடியாது. நர்ஸ் வருகிறார், ராத்திரி இரண்டு மணிக்கு யார் என்பதற்குத்தான் இங்கே இன்னும் பதில் தேட வேண்டியிருக்கிறது.

அதனால் அந்தப் பதிலைக் கூட்டத்திலேயே வாங்கிவிடுங்கள். வலி கூடினால் கூடுதலாக எவ்வளவு தரலாம், வாயால் முழுங்க முடியாமல் போனால் என்ன? தோலுக்கு அடியில் சின்ன ஊசி ஒன்றைப் பொருத்திவிட்டு, அதன் வழியாக மருந்து தர வீட்டில் ஒருவருக்கு நர்ஸ் சொல்லிக்கொடுக்கலாம். கடைசி இரண்டு மூன்று நாளில் என்ன தெரியும் என்பதையும் கேட்டுவையுங்கள். சிறுநீர் குறையும், கை கால் சில்லிடும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பார்ப்பவரைத்தான் வதைக்கும். பெரும்பாலும் அவருக்கு அப்போது நினைவு இருக்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். முன்பே தெரிந்திருந்தால் யாரும் பதறி 108-ஐ அழைக்க மாட்டார்கள். அழைத்தால் அவர்கள் தங்கள் கடமைப்படி உயிர்ப்பிக்க முயன்று ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்கள். அத்தா வேண்டாம் என்று சொன்னது எல்லாமே அங்கே நடக்கும். எந்த நிலையில் 108, எந்த நிலையில் நர்ஸ் நம்பர் என்று ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். அதில் இன்னொரு நம்பரும் இருக்க வேண்டும்: வீட்டில் உயிர் பிரிந்தால் வந்து பார்த்து, இறப்புக்கான காரணத்தைச் சான்று எழுதித் தர ஒப்புக்கொண்ட உள்ளூர் டாக்டருடையது. அந்தத் தாளை வைத்து நகராட்சியில் 21 நாட்களுக்குள் பதிய வேண்டும்.